வட்சப்பில் வந்த பிளானை அளந்தால் காணி குறைகிறது. 1:1000 என்றுதானே எழுதியிருக்கிறது?

பாலைமரம் · செவ்வாய் இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் எங்களுக்கு ஒரு மேட்டுக்காணி இருக்கிறது. உறுதியில் 1 ஏக்கர் 1 றூட். நான் வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறேன். தங்கச்சிக்குப் பாதியை எழுத வேண்டும் என்று அம்மா சொன்னதால், பிளானைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அட்டவணை இருந்த கீழ்ப்பகுதி படத்தில் விழவில்லை. ஆனால் காணியின் நான்கு மூலைகளும் தெளிவாகத் தெரிகின்றன. மேலே "அளவுத்திட்டம் 1:1000" என்று இருக்கிறது.

கடையில் கொடுத்து ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்தேன். 1:1000 என்றால் தாளில் 1 சென்ரிமீற்றர் நிலத்தில் 10 மீற்றர், அது தெரிந்ததுதான். காணி சரியான நீள்சதுரம் இல்லை என்பதால் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு போட்டு இரண்டு முக்கோணமாகப் பிரித்தேன். கோட்டின் நீளம் 7.8 சென்ரிமீற்றர். மற்ற இரண்டு மூலைகளிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் 3.8, 3.75. அவை இரண்டையும் கூட்டி, கோட்டின் நீளத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் பரப்பு 29.4. நிலத்தில் 2,940 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் என்று வகுத்தால் 116 பேர்ச்தான் வருகிறது. உறுதிப்படி 200 பேர்ச் இருக்க வேண்டும்.

வடக்குப் பக்கத்துக் காணிக்காரர் போன வருடம் புதிதாகக் கம்பி வேலி போட்டார். வேலி உள்ளே வந்துவிட்டது என்று அம்மா அப்போதே சொன்னார். நான்தான் பேசாமல் இருங்கள் என்று அடக்கினேன். இப்போது பார்த்தால் இரண்டு றூட்டுக்கு மேல் காணவில்லை. நாளைக்கு அவருக்குப் போன் எடுக்கப்போகிறேன். அதற்கு முன் என் கணக்கு சரிதானா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

கண்டாவளைக்காரன் · செவ்வாய் இரவு 9.40

தம்பி, போனை எடுக்காதீர்கள். ஒன்றேகால் ஏக்கரில் பாதி போயிருந்தால் அம்மாவின் கண்ணுக்கே தெரிந்திருக்கும், அளக்கத் தேவையில்லை.

அந்த 1:1000 சேவையர் கீறிய தாளுக்குரியது. நீங்கள் வைத்திருப்பது அதைப் போட்டோ எடுத்து, வட்சப்பில் அனுப்பி, கடைக்காரர் தாளுக்குள் அடங்கும்படி சுருக்கிய ஒன்று. எழுத்து அப்படியே இருக்கும், படம் சுருங்கியிருக்கும். பிளானில் ஏதாவது ஒரு பக்கத்துக்கு நீளம் எழுதியிருக்கிறதா?

பாலைமரம் · செவ்வாய் இரவு 9.51

வீதிப் பக்கம் 60.0 மீ என்று எழுதியிருக்கிறது அண்ணை. தாளில் அந்தப் பக்கத்தை இப்போது அளந்தேன், 4.8 சென்ரிமீற்றர்.

கண்டாவளைக்காரன் · செவ்வாய் இரவு 9.58

அதுதான் விஷயம். 1:1000இல் அது 6 சென்ரிமீற்றராக இருந்திருக்க வேண்டும். 6க்கு 4.8 என்றால் ஒன்றேகால் மடங்கு வித்தியாசம். உங்கள் 2,940ஐ 1.25ஆல் பெருக்குங்கள். 3,675 சதுர மீற்றர், 145 பேர்ச். இன்னும் 55 குறைகிறது, ஆனால் பாதிக் காணி போகவில்லை.

உப்புக்காற்று · செவ்வாய் இரவு 10.20

29.4 பரப்பு என்று எழுதியிருக்கிறீர்களே. 16 பரப்பு ஒரு ஏக்கர். அப்படியென்றால் கிட்டத்தட்ட 1 ஏக்கர் 3 றூட் வருகிறதே, உறுதியைவிடக் கூடவல்லவா இருக்கிறது? எதற்காகக் கவலைப்படுகிறீர்கள்? விற்கும் எண்ணம் இருந்தால் தனிமடல் போடுங்கள்.

பாலைமரம் · செவ்வாய் இரவு 10.31

அண்ணை, அது யாழ்ப்பாணத்துப் பரப்புக் கணக்கு இல்லை. தாளில் உள்ள பரப்பளவு 29.4 சதுர சென்ரிமீற்றர். பரப்புக் கணக்கில் உறுதிப்படி எங்களுக்கு 20 பரப்பு. விற்கவில்லை.

கணக்கு ரீச்சர் · புதன் காலை 6.05

பள்ளிக்கூடத்துக்குப் போகும் அவசரத்தில் எழுதுகிறேன். கண்டாவளைக்காரன் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதியில் சறுக்கிவிட்டார். நீளம் 1.25 மடங்கு கூடினால் பரப்பு 1.25 மடங்கு கூடாது. நீளமும் கூடுகிறது, அகலமும் கூடுகிறது, ஆகவே 1.25ஐ இரண்டு தடவை பெருக்க வேண்டும்.

பெருக்கியை மறந்துவிட்டு, தாளில் 1 சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஒரு சின்னக் கட்டம் கீறுங்கள். 4.8 சென்ரிமீற்றர் 60 மீற்றர் என்றால் ஒரு சென்ரிமீற்றர் 12.5 மீற்றர். அந்தக் கட்டம் நிலத்தில் 12.5 மீற்றர் நீளமும் 12.5 மீற்றர் அகலமும் உள்ள துண்டு, அதாவது 156.25 சதுர மீற்றர். உங்கள் காணிக்குள் அப்படி 29.4 கட்டம் இருக்கிறது. மொத்தம் 4,594 சதுர மீற்றர், 181.6 பேர்ச்.

சாதாரணதரத்தில் இந்த இடத்தில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் விழுகிறார்கள். இடவிளக்கப் படத்தில் 1:50,000 என்று கண்டவுடன் ஒரு சதுர சென்ரிமீற்றர் அரைச் சதுரக் கிலோமீற்றர் என்று எழுதிவிடுவார்கள். அது கால் சதுரக் கிலோமீற்றர். இங்கே அந்தப் பிழை இன்னும் ஆபத்தானது. 145 பேர்ச், 1 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் பார்த்தவுடன் நம்பும்படியாக இருக்கிறது.

கண்டாவளைக்காரன் · புதன் காலை 6.40

ஒப்புக்கொள்கிறேன் ரீச்சர். வயல் அளக்கிற கையால் பெருக்கிவிட்டேன்.

பாலைமரம் · புதன் மதியம் 12.50

ரீச்சருக்கு நன்றி. ஆனால் 181.6 என்றாலும் 18 பேர்ச் குறைகிறதே. 18 பேர்ச் ஏறத்தாழ 460 சதுர மீற்றர். வடக்கு எல்லை 80 மீற்றருக்குச் சற்று மேல். ஆக அந்தப் பக்கம் முழுவதும் ஐந்தரை மீற்றர் அகலத்துக்குக் காணி போயிருக்கிறது. அம்மா சொன்னதும் "ஐந்தாறு மீற்றர் உள்ளே வந்துவிட்டான்" என்றுதான். கணக்கும் அம்மா சொன்னதும் ஒத்து வருகின்றன. இனி என்ன சந்தேகம்?

சங்கிலிப்பெட்டி · புதன் மாலை 4.15

சந்தேகம் இருக்கிறது தம்பி. நான் முப்பது வருடம் சேவையர் குழுவோடு காடு மேடெல்லாம் சங்கிலி இழுத்தவன். பிறகு ரேப், பிறகு மெஷின். இரண்டு கணக்கு ஒத்துப்போனவுடன் நம்பக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே படித்தேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் அளப்பது பிளானை. பிளானில் இருக்கிற எல்லை சேவையர் வந்த நாளில் கல்லுக்குக் கல் இருந்த எல்லை. போன வருடம் போட்ட வேலி அந்தத் தாளில் இல்லை. வேலி உள்ளே வந்திருந்தாலும் தாளிலுள்ள காணி ஒரு பேர்ச்கூடக் குறையாது. தாளை அளந்து 200 வரவில்லை என்றால் பிழை உங்கள் அளவையில் இருக்க வேண்டும், அல்லது உறுதிக்கும் பிளானுக்கும் இடையில் இருக்க வேண்டும். பக்கத்துக் காணிக்காரருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

இரண்டாவது, அம்மா போட்டோவை எப்படி எடுத்தார்? மேசையில் வைத்து, கதிரையில் இருந்தபடி சரித்துப் பிடித்தாரா? பிளானில் சின்னச் சின்னக் கூட்டல் குறிகள் தெரிகின்றனவா, ஓரத்தில் நீள எண்களோடு?

பாலைமரம் · புதன் மாலை 5.02

ஐயா, நீங்கள் முதலில் சொன்னதைப் படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தேன். நேற்று இரவு முழுவதும் தாளில் இல்லாத வேலியைத் தாளில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போட்டோ சாப்பாட்டு மேசையில் வைத்து, கதிரையில் இருந்தபடிதான். கூட்டல் குறிகள் நான்கு தெரிகின்றன, காணியைச் சுற்றிச் சதுரமாக. ஓரத்து எண்கள் ஒன்றுக்கொன்று 100 வித்தியாசம்.

சங்கிலிப்பெட்டி · புதன் மாலை 5.20

நல்லது. அது நெய்யரி. அந்த நான்கு குறிகளும் நிலத்தில் 100 மீற்றருக்கு 100 மீற்றர் சதுரம், பரப்பு சரியாக 10,000 சதுர மீற்றர். உங்களிடம் உள்ள நம்பகமான அளவுகோல் அதுதான். வீதிப் பக்க 60 மீற்றர் ஒரே ஒரு திசையில், படத்தின் ஒரே ஒரு ஓரத்தில் உள்ள நீளம். அது மற்றத் திசையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

நான்கு பக்கத்தையும் தனித்தனியே அளந்து போடுங்கள். குறியின் நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளிக்கு.

பாலைமரம் · புதன் இரவு 7.44

கீழ்ப் பக்கம் (வீதிப் பக்கம்) 8.0. மேல் பக்கம் 7.6. இடது 7.5. வலது 7.5. எல்லாம் சென்ரிமீற்றர்.

கண்டாவளைக்காரன் · புதன் இரவு 8.03

மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள் தம்பி. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது மேசன் அப்படித்தான் பார்ப்பார். இரண்டும் சமம் என்றால் சதுரம் சரி, 7.6 நீங்கள் பார்த்த பிழையாக இருக்கலாம்.

பாலைமரம் · புதன் இரவு 8.15

இரண்டும் 10.8.

கண்டாவளைக்காரன் · புதன் இரவு 8.17

அப்படியென்றால் படம் சரி. ரீச்சரின் கணக்குத்தான் முடிவு.

சங்கிலிப்பெட்டி · புதன் இரவு 9.05

இல்லை. மேசன் எதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கும்படி கயிறு பிடித்த பிறகுதான் மூலைவிட்டம் பார்க்கிறார். எதிர்ப் பக்கங்கள் சமமில்லாத இடத்தில் அந்தச் சோதனை ஏமாற்றும். ஒரு அரிசிச் சுளகை நினைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். அதில் மூலைக்கு மூலை நூல் பிடித்தால் இரண்டு நூலும் ஒரே நீளம்தான். அதற்காகச் சுளகு சதுரமாகிவிடாது. போனை நேரே முன்னால் சரித்துப் பிடித்து எடுத்த படம் சுளகு மாதிரித்தான் வரும். பார்க்க வேண்டியது எதிரெதிர்ப் பக்கங்களை.

இங்கே இரண்டு விஷயம் நடந்திருக்கிறது. போனுக்குக் கிட்ட இருந்த கீழ் ஓரம் பெரிதாகவும், தூர இருந்த மேல் ஓரம் சிறிதாகவும் விழுந்திருக்கின்றன. அது 8.0க்கும் 7.6க்கும் உள்ள வித்தியாசம். அதைவிடப் பெரிய பாதிப்பு நிமிர்ந்த திசையில். தாள் சரிந்து தெரிவதால் கீழிருந்து மேல் போகிற நீளங்கள் அமுங்கி 7.5 ஆகிவிட்டன. ஒரே பிரிண்டில் வீதியோரம் ஒரு சென்ரிமீற்றர் 12.5 மீற்றர், நிமிர்ந்த திசையில் ஒரு சென்ரிமீற்றர் 13.3 மீற்றர். நீங்களும் ரீச்சரும் 12.5ஐ இரண்டு திசைக்கும் போட்டீர்கள். அமுங்கிய திசையில் காணி குட்டையாகிவிட்டது.

இனி கணக்கு. சுளகின் பரப்பு, கீழும் மேலும் கூட்டிப் பாதி 7.8, உயரம் 7.5, பெருக்கினால் 58.5 சதுர சென்ரிமீற்றர். இது நிலத்தில் 10,000 சதுர மீற்றர். ஆக ஒரு சதுர சென்ரிமீற்றர் ஏறத்தாழ 171 சதுர மீற்றர். உங்கள் 29.4ஐ அதால் பெருக்குங்கள்.

பாலைமரம் · புதன் இரவு 9.20

சுமார் 5,027. பேர்ச் ஆக்கினால் 198.8. 1 ஏக்கர் 38.8 பேர்ச்.

ஐந்தரை மீற்றரும் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் இருந்திருக்கிறது.

கணக்கு ரீச்சர் · புதன் இரவு 9.48

ஐயா சொன்ன முறை பிடித்திருக்கிறது, ஒரு சின்னக் குறிப்போடு. 171 என்பது அந்தச் சதுரம் முழுவதற்கும் சராசரி. சதுரத்துக்குள்ளேயே கீழே உள்ள ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு அதைவிடக் குறைவு, மேலே கூட. காணி சதுரத்தின் பெரும்பகுதியை அடைத்திருந்தால் சராசரி போதும். மேல் மூலையில் ஒரு சின்னக் குடிசைத் துண்டை மட்டும் அளக்க வேண்டுமென்றால் போதாது.

பாதி பிரிக்கிற விஷயத்திலும் அதே கவனம் வேண்டும். இந்தப் பிரிண்டில் மேலும் கீழும் அளந்து நடுவில் குறுக்குக் கோடு போட்டால் நிலத்தில் அது நடுவாக இருக்காது, மேல் துண்டு கூடுதலாக விழும். அண்ணன் எந்தத் துண்டை எடுக்கிறார் என்று தங்கச்சி பார்த்துக்கொள்ளட்டும்.

உப்புக்காற்று · புதன் இரவு 10.10

இவ்வளவு எதற்கு? போனில் ஜிபிஎஸ் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு அம்மாவை எல்லையைச் சுற்றி நடக்கச் சொன்னால் ஏக்கர் கணக்கே வந்துவிடும்.

சங்கிலிப்பெட்டி · வியாழன் காலை 7.30

வரும், எத்தனை பேர்ச் பிழையோடு என்று ஆப் சொல்லாது. திறந்த வெளியிலேயே போன் ஜிபிஎஸ் சில மீற்றர் அங்குமிங்கும் காட்டும், பாலை மரத்தடியில் இன்னும் மோசம். 80 மீற்றர் எல்லையில் இரண்டு மீற்றர் தள்ளினாலே 160 சதுர மீற்றர், ஆறு பேர்ச். பத்து ஏக்கர் வயலுக்கு ஒரு பருமட்டு பார்க்கலாம். வேலிச் சண்டைக்கு வேண்டாம்.

போட்டோக் கணக்கையும் நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. மட்டக்கோலில் அரை மில்லிமீற்றர் தவறுவது எல்லோருக்கும் நடக்கும். 4.8 சென்ரிமீற்றரில் அது நூற்றுக்கு ஒன்று, 6 சென்ரிமீற்றரில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் பரப்பில் நூற்றுக்கு இரண்டு, 200 பேர்ச்சில் 4 பேர்ச். ஆகவே 198.8 வந்தால் உறுதியோடு ஒத்துப்போகிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். ஒன்றேகால் பேர்ச் குறைகிறது என்று யாரும் கிளம்பக்கூடாது.

முத்தையன்கட்டு · வியாழன் முற்பகல் 11.15

இடையில் வருவதற்கு மன்னிக்க வேண்டும், என்னுடையதும் இதே சிக்கல்தான், ஆனால் பழசு. அப்பாவின் காலத்துப் பிளானின் போட்டோக் கொப்பி. "ஒரு அங்குலத்துக்கு 2 சங்கிலி" என்று இருக்கிறது. கூட்டல் குறி கிடையாது, பக்க நீளம் கிடையாது. மூலப்பிரதி இடம்பெயர்வில் போய்விட்டது. ஆனால் பக்கத்துத் துண்டுக்கு 2-0-0 என்று எழுதியிருப்பது தெரிகிறது, எங்கள் துண்டின் எண்கள் மடிப்பில் அழிந்துவிட்டன. ஒரு அங்குலம் 2 சங்கிலி என்றால் ஒரு சதுர அங்குலம் 2 சதுரச் சங்கிலி என்று வைத்தால் எங்கள் துண்டு அரை ஏக்கர்கூட வரவில்லை.

சங்கிலிப்பெட்டி · வியாழன் மதியம் 1.40

2 சங்கிலி நீளம், 2 சங்கிலி அகலம், ஆகவே 4 சதுரச் சங்கிலி. நேற்று ரீச்சர் சொன்ன அதே இடம்தான். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர் என்பதால் அசல் தாளில் ஒரு சதுர அங்குலம் 64 பேர்ச். ஆனால் உங்களிடம் அசல் தாள் இல்லை, அந்த எண்ணையும் விட்டுவிடுங்கள்.

பக்கத்துத் துண்டின் 2 ஏக்கரைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீளம் தெரியாத இடத்தில் தெரிந்த பரப்பே அளவுகோல். அந்தத் துண்டு கொப்பியில் எத்தனை சதுர சென்ரிமீற்றர், உங்களுடையது எத்தனை?

முத்தையன்கட்டு · வியாழன் மாலை 6.25

முக்கோணமாகப் பிரித்து அளந்தேன். பக்கத்துத் துண்டு 20.0, எங்களுடையது 14.2.

சங்கிலிப்பெட்டி · வியாழன் மாலை 6.50

20 சதுர சென்ரிமீற்றர் 320 பேர்ச். ஒன்றுக்கு 16 பேர்ச். உங்களுடையது 14.2ஐ 16ஆல் பெருக்க 227, அதாவது 1 ஏக்கர் 1 றூட் 27 பேர்ச். பரப்பிலிருந்து பரப்புக்குப் போகும்போது வர்க்கமும் வேண்டாம், மூலமும் வேண்டாம்.

வேலி நீளம் வேண்டுமென்றால்தான் வர்க்கமூலம். 16 பேர்ச் 405 சதுர மீற்றர், அதன் வர்க்கமூலம் 20.1. உங்கள் கொப்பியில் ஒரு சென்ரிமீற்றர் ஏறத்தாழ 20.1 மீற்றர், கிட்டத்தட்ட ஒரு சங்கிலி. அசல் தாளில் ஒரு சென்ரிமீற்றர் 15.84 மீற்றராக இருந்திருக்கும். நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருக்கிறது. ஏ3ஐ ஏ4 ஆக்கினால் இதைவிடக் கூடச் சுருங்கும், பரப்பு அப்படியே பாதியாகிவிடும்.

இதில் ஒரு பலவீனம் இருக்கிறது. கொப்பி ஒரு திசையில் மட்டும் அமுங்கியிருந்தால், இரண்டு துண்டின் பரப்பும் ஒரே விகிதத்தில் அமுங்கும், ஆகவே 227 தப்பிக்கும். ஆனால் வேலி நீளம் தப்பாது. சுளகு மாதிரி இருந்தால் 227உம் ஆடும். அதைச் சோதிக்க உங்கள் படத்தில் ஒன்றும் இல்லை.

முத்தையன்கட்டு · வியாழன் இரவு 7.15

பெர்மிட் பதிவில் 1-1-30 என்று யாரோ சொன்ன ஞாபகம். அதை எடுத்துப் பார்க்க வேண்டும். நன்றி ஐயா.

பாலைமரம் · சனி காலை 10.35

நேற்று அம்மாவை மறுபடி படம் எடுக்கச் சொன்னேன். ஐயா போனில் சொன்னபடி பிளானைத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் சிரட்டை வைத்து, மேலே நின்று நேர் கீழே பார்த்து, கொஞ்சம் சூம் செய்து நடுவில் விழும்படி எடுத்தார். எடுத்தது தங்கச்சி, நின்று மேற்பார்வை செய்தது அம்மா.

இடையில் ஒரு கூத்து. தங்கச்சி முதலில் ஸ்கேன் பண்ணும் ஆப்பில் எடுத்து அனுப்பினாள். தாளின் ஓரங்கள் நேராக, பார்க்க மிக அழகாக இருந்தது. கூட்டல் குறிகளை அளந்தால் குறுக்கே 8.7, நெடுக்கே 9.2. எதிர்ப் பக்கங்கள் சமம், ஆனால் குறுக்கும் நெடுக்கும் சமமில்லை. பிளான் தாள் ஏ4 அளவில் இல்லை, யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். ஆப் அதை ஏ4 என்று நினைத்து இழுத்துவிட்டது. இரண்டையும் பெருக்கி 80.04 சதுர சென்ரிமீற்றர் 10,000 சதுர மீற்றர் என்று வைத்தால் பரப்பு சரியாகவே வரும். நீளத்துக்கு மட்டும் திசைக்கொரு கணக்கு.

சாதாரணமாக எடுத்த படத்தில் நான்கு பக்கமும் 9.1. அப்படியென்றால் ஒரு சதுர சென்ரிமீற்றர் 120.8 சதுர மீற்றர். காணி 41.7 சதுர சென்ரிமீற்றர். 5,037 சதுர மீற்றர், 199.2 பேர்ச்.

கண்டாவளைக்காரன் · சனி காலை 11.00

உறுதி சரி, பிளான் சரி. அப்படியென்றால் அம்மா சொன்ன ஐந்தாறு மீற்றர்?

பாலைமரம் · சனி காலை 11.12

அதுதான் தெரியவில்லை. மீள்குடியேறி வந்தபோது பழைய வேலி இல்லை, கிணறும் ஒரு மாமரமும்தான் அடையாளம். அம்மாவின் கணக்கு மாமரத்திலிருந்து.

சங்கிலிப்பெட்டி · சனி மதியம் 12.20

கிணறு பிளானில் கீறியிருக்கிறதா? கிணற்றின் நடுவிலிருந்து வடக்கு எல்லைக்கு நேர் செங்குத்தாகத் தாளில் எவ்வளவு?

பாலைமரம் · சனி மதியம் 12.41

புதிய பிரிண்டில் 1.7 சென்ரிமீற்றர். ஒரு சென்ரிமீற்றர் 10.99 மீற்றர் என்றால் 18.7 மீற்றர்.

சங்கிலிப்பெட்டி · சனி மதியம் 12.55

அரை மில்லிமீற்றர் தவறினால் அரை மீற்றருக்குச் சற்று மேல். ஆக 18க்கும் 19.3க்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கச்சியிடம் ஒரு 30 மீற்றர் ரேப்பைக் கொடுத்து கிணற்றின் நடுவிலிருந்து கம்பி வேலி வரை அளக்கச் சொல்லுங்கள். ரேப்பை அங்குமிங்கும் ஆட்டி, மிகக் குறைந்த நீளம் எங்கே வருகிறதோ அதை எடுக்க வேண்டும். 13 என்று வந்தால் அம்மா சொன்னது சரி, அப்போது லைசன்ஸ் உள்ள சேவையரைக் கூப்பிட்டு எல்லைக் கல்லைத் தேட வேண்டும். 18, 19 வந்தால் ஒன்றும் பேச வேண்டாம். 17 வந்தால் போட்டோவால் ஒன்றும் சொல்ல முடியாது.

உப்புக்காற்று · சனி மாலை 3.30

எவ்வளவு வந்தது?

பாலைமரம் · ஞாயிறு இரவு 8.50

16.9.